பிக்சலுக்கு அங்குலம் இல்லை, படத்துக்குச் சொல் இல்லை

கணினித் திரையில் தெரியும் எழுத்து வெறும் தோற்றம் அல்ல. ஒரு பொத்தானில் ‘Add a keyboard’ என்று எழுதியிருந்தால், அந்தச் சொற்களை விண்டோஸ் எழுத்தாகவே நினைவில் வைத்திருக்கிறது. அது ஒரு பொத்தான் என்பதும், இப்போது அதை அழுத்த முடியுமா என்பதும் அதற்குத் தெரியும். பார்வையற்ற ஒருவர் ஸ்க்ரீன் ரீடர் துணையோடு அந்தப் பொத்தானுக்கு வரும்போது, அந்த மென்பொருள் விண்டோஸிடம் கேட்டு, பொத்தானின் பெயரையும் வகையையும் அவருக்குச் சத்தமாகச் சொல்லிவிடும்.

Win+Shift+S அழுத்தி அதே சன்னலை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். மறுகணம் அந்த அறிவெல்லாம் போய்விடுகிறது. கையில் மிஞ்சுவது வண்ணப் புள்ளிகள் நிறைந்த ஒரு கட்டம் மட்டுமே. ‘K’ என்ற எழுத்து இருந்த இடத்தில் கறுப்பும் சாம்பலுமாகச் சில பிக்சல்கள் இருக்கின்றன. கண் அதை ‘K’ என்று படிக்கும். கணினிக்கு அது எழுத்தே இல்லை.

சொற்களோடு இன்னொன்றும் தொலைகிறது. அதுதான் அளவு. அந்தச் சன்னல் திரையில் எத்தனை சென்டிமீட்டர் அகலம் இருந்தது என்பது படத்தில் எங்கும் இல்லை. இத்தனை பிக்சல் அகலம், இத்தனை பிக்சல் உயரம், அவ்வளவுதான். கோல நோட்டில் ‘15 புள்ளி, 15 வரிசை’ என்று இருந்தால் கோலம் எவ்வளவு பெரிதாக வரும் என்று சொல்ல முடியாது. புள்ளிக்குப் புள்ளி விடும் இடைவெளிதான் அதை முடிவு செய்யும். ஸ்கிரீன்ஷாட்டும் அப்படித்தான். அதை வேர்ட் போன்ற ஒரு மென்பொருளில் ஒட்டும்போதுதான் முதன்முறையாக அதற்கு ஓர் அளவு கிடைக்கிறது. சொற்கள் திரும்பக் கிடைப்பதும் அங்கேதான், நாம் கொடுத்தால்.

ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். விண்டோஸ் 11-இல் தமிழ்99 விசைப்பலகையைச் சேர்ப்பது எப்படி என்று பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு கையேடு தயாரிக்கிறோம். ஏ4 தாள், நான்கு பக்கமும் 2.54 செ.மீ. ஓரம், உரை 11 பாயின்ட். நான்காவது படியில் ஒரு ஸ்கிரீன்ஷாட் வர வேண்டும்.

திரை முழுவதையும் பிடித்தால்

பலரும் செய்வது, திரை முழுவதையும் பிடித்து அப்படியே ஒட்டுவது. திரை 1920 பிக்சல் அகலம் என்று கொள்வோம். அளவு பற்றிய குறிப்பு எதுவும் இல்லாத படத்துக்கு வேர்ட் ஒரு அங்குலத்துக்கு 96 பிக்சல் என்று கணக்கு வைக்கிறது. 1920-ஐ 96-ஆல் வகுத்தால் 20 அங்குலம், அதாவது 50.8 செ.மீ. ஆனால் நம் தாளில் ஓரம் போக உரைக்குக் கிடைக்கும் அகலம் 15.92 செ.மீ.தான். எனவே வேர்ட் யாரையும் கேட்காமல் படத்தை 31 சதவீதமாகச் சுருக்கி உள்ளே அடக்கிவிடுகிறது.

இப்போது எழுத்துக்கு என்ன ஆகிறது என்று பாருங்கள். விண்டோஸ் 11-இன் அமைப்புப் பக்கங்களில் சாதாரண எழுத்து 14 பிக்சல். 96-க்கு ஓர் அங்குலம் என்ற கணக்கில் அது 10.5 பாயின்ட். கையேட்டின் 11 பாயின்ட் உரைக்குப் பக்கத்தில் வைத்தால் கண்ணுக்கு இணையாக இருக்கும் அளவு அது. 31 சதவீதமாகச் சுருங்கியதும் அது 3.3 பாயின்ட் ஆகிவிடுகிறது. ஒரு வரி எழுத்துக்குக் கிடைக்கும் உயரமே ஒரு மில்லிமீட்டரும் கொஞ்சமும்தான். அச்சில் அது எறும்பு ஊர்ந்த தடம் போலத்தான் இருக்கும். படத்தின் மூலையைப் பிடித்து இழுத்துப் பெரிதாக்கினாலும் பயனில்லை. தாளில் இடம் இல்லை.

குறை வேர்டிடம் இல்லை. தேவையில்லாததையும் சேர்த்துப் பிடித்ததுதான் சிக்கல். நமக்கு வேண்டியது ஒரு சன்னல். நாம் பிடித்தது பின்னணிப் படம், டாஸ்க்பார், திறந்து கிடந்த வேறு இரண்டு சன்னல்கள் எல்லாம் சேர்ந்த ஒரு மேசை.

சுருக்காதீர்கள், ஒடுக்குங்கள்

15.92 செ.மீ. என்பது 96 பிக்சல் கணக்கில் ஏறத்தாழ 600 பிக்சல். இந்த ஒரு எண்ணை நினைவில் வைத்தால் போதும். 600 பிக்சல் அகலத்துக்குள் பிடித்த படம் ஏ4 தாளில் சுருங்காமல், 100 சதவீத அளவில் உட்காரும். அதிலுள்ள 14 பிக்சல் எழுத்து 10.5 பாயின்ட்டாகவே இருக்கும்.

சன்னல் அதைவிட அகலமாக இருந்தால், படம் எடுப்பதற்கு முன்பே சன்னலின் ஓரத்தை இழுத்து ஒடுக்கிவிட வேண்டும். இன்றைய மென்பொருள்கள் பலவும் சன்னல் ஒடுங்கும்போது எழுத்தைச் சிறிதாக்குவதில்லை. பக்கத்தை மறுபடி அடுக்கிக்கொள்கின்றன. விண்டோஸின் Settings சன்னலை ஒடுக்கினால் இடப்பக்கப் பட்டியல் மடங்கி மறைந்துவிடும். நமக்கு வேண்டிய பகுதி மட்டும் முழு அளவு எழுத்தோடு நிற்கும். படத்தைச் சுருக்கினால் எல்லாம் சேர்ந்து சிறுக்கிறது. சன்னலை ஒடுக்கினால் தேவையற்றது மட்டும் விலகுகிறது. பிறகு Alt+PrtScn அழுத்தினால் அந்தச் சன்னல் மட்டும் படமாகும். அல்லது Win+Shift+S அழுத்தித் தேவையான பகுதியைச் சுற்றி ஒரு கட்டம் இழுக்கலாம்.

மடிக்கணினிகளில் ஒரு சிறு திருப்பம் உண்டு. அவற்றின் திரையில் பிக்சல்கள் நெருக்கமாக இருப்பதால், விண்டோஸ் எல்லாவற்றையும் 125 அல்லது 150 சதவீதம் பெரிதாக்கிக் காட்டுகிறது. 150 சதவீதத்தில் அதே 14 பிக்சல் எழுத்து 21 பிக்சலாகப் பதிவாகும். அதை 100 சதவீத அளவில் ஒட்டினால் கிட்டத்தட்ட 16 பாயின்ட். உரை எழுத்தைவிட மிகப் பெரிதாகத் தெரியும். அந்தக் கணினியில் எடுத்த படத்துக்கு 67 சதவீதமே சரியான அளவு. தாளில் அடங்கும் அகலமும் 600-க்குப் பதில் 900 பிக்சல் ஆகிவிடும்.

வேர்டில் படத்தின் மீது வலது கிளிக் செய்து ‘Size and Position’ என்பதைத் திறந்தால், ‘Size’ பகுதியில் படத்தின் மூல அளவும் அது இப்போது எத்தனை சதவீதத்தில் இருக்கிறது என்பதும் தெரியும். அங்கே 31 என்று இருந்தால் என்ன நடந்தது என்று உடனே புரிந்துவிடும். ஒரே கையேட்டில் இருக்கும் எல்லாப் படங்களுக்கும் ஒரே சதவீதத்தை இங்கே தட்டச்சு செய்வது நல்லது. சுட்டியால் இழுத்து இழுத்துச் சரிசெய்த படங்களில் ஒரே பொத்தான் ஒரு பக்கத்தில் பெரிதாகவும் அடுத்த பக்கத்தில் சிறிதாகவும் இருக்கும். வாசிப்பவர் அவற்றை வெவ்வேறு பொத்தான்கள் என்று எண்ணக்கூடும்.

96 எங்கிருந்து வந்தது?

1984-இல் வந்த முதல் மேக்கின்டாஷ் திரையில் ஓர் அங்குலத்துக்கு 72 பிக்சல்கள். அச்சகத்தில் ஓர் அங்குலத்துக்கு 72 பாயின்ட் என்பதால், ஒரு பிக்சல் ஒரு பாயின்ட்டுக்குச் சமமாக இருந்தது. திரையில் பார்ப்பதும் தாளில் வருவதும் ஒரே அளவு. மைக்ரோசாஃப்ட் வேறு விதமாக யோசித்தது. கையில் பிடிக்கும் தாளைவிடத் திரை கண்ணிலிருந்து சற்றுத் தள்ளி, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அதிகத் தொலைவில் இருக்கிறது. எனவே திரையில் எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்தது. 72-உடன் அதன் மூன்றில் ஒரு பங்கைச் சேர்த்தால் 96. நாற்காலிக்கும் திரைக்கும் இடையே இருந்த தூரம் இன்றும் நாம் ஒட்டும் ஒவ்வொரு படத்தின் அகலத்தையும் நிர்ணயித்துக்கொண்டிருக்கிறது.

சில படக்கோப்புகள் தம் அளவைத் தாமே சொல்வதும் உண்டு. பிஎன்ஜி கோப்புக்குள் `pHYs` என்று ஒரு சிறு பகுதி இருக்கலாம். ஒரு மீட்டருக்கு எத்தனை பிக்சல் என்று அதில் எழுதியிருக்கும். 96-க்கு அது 3780. நெருக்கமான பிக்சல் கொண்ட மேக் திரையில் எடுத்த ஸ்கிரீன்ஷாட் கோப்பில் 5669 என்று இருக்கும், அதாவது அங்குலத்துக்கு 144. ஆகவே 96 கணக்கில் வரும் அளவில் மூன்றில் இரண்டு பங்காக அது வந்து உட்காரும். ஆனால் கோப்பாகச் செருகாமல், இடையில் வேறு செயலி வழியாக நகலெடுத்து ஒட்டினால் இந்தக் குறிப்பு உதிர்ந்துபோகலாம். ஒரே படம் ஒரு வழியில் சிறிதாகவும் இன்னொரு வழியில் பெரிதாகவும் வந்து நிற்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

கோப்புக்குள் ஒரு பார்வை

வேர்டின் docx கோப்பு உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம். அதன் நகல் ஒன்றை எடுத்து, பெயரின் கடைசியில் .zip என்று மாற்றித் திறந்தால் `word/media` என்ற கோப்புறையில் நம் படம் இருக்கும். `word/document.xml` என்ற கோப்பில், படம் வரும் இடத்தில் இப்படி இரண்டு வரிகளைக் காணலாம்:

```xml
<wp:extent cx="5715000" cy="3810000"/>
<wp:docPr id="1" name="Picture 1" descr=""/>
```

முதல் வரிதான் அளவு. 5715000 என்பது அங்குலமும் இல்லை, சென்டிமீட்டரும் இல்லை. ஓர் அங்குலத்தை 9,14,400 கூறாக்கிய ஒரு நுண்ணலகு. அந்த எண்ணை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பது அதை வகுத்துப் பார்த்தால் தெரியும். 72-ஆல் வகுத்தால் 12,700. அது ஒரு பாயின்ட். 96-ஆல் வகுத்தால் 9,525. அது ஒரு பிக்சல். 2.54-ஆல் வகுத்தால் 3,60,000. அது ஒரு சென்டிமீட்டர். அச்சகம், திரை, அளவுகோல் மூன்றும் மிச்சமின்றி ஒரே முழு எண்ணில் சந்திக்கின்றன. பின்னமே வராததால், படத்தை எத்தனை முறை மில்லிமீட்டருக்கும் அங்குலத்துக்கும் மாற்றினாலும் அளவு தேயாது. நம் 600 பிக்சலை 9,525-ஆல் பெருக்கினால் கிடைப்பதுதான் மேலே உள்ள 5715000.

இரண்டாவது வரியில் `descr` என்ற இடம் வெறுமையாக இருக்கிறது. மாற்று உரை உட்காரும் இடம் அது. ஸ்கிரீன்ஷாட் எடுத்த கணத்தில் தொலைந்த அளவும் சொல்லும் இங்கே அடுத்தடுத்த வரிகளில் இருக்கின்றன. முதல் வரியை வேர்ட் தானே நிரப்பிவிடுகிறது. இரண்டாவதை நாம்தான் நிரப்ப வேண்டும்.

காதுக்கு எழுதுவது

படத்தின் மீது வலது கிளிக் செய்தால் ‘View Alt Text’ அல்லது ‘Edit Alt Text’ என்று வரும். அதை அழுத்தினால் பக்கத்தில் ஒரு பெட்டி திறக்கும். லிப்ரேஆபீஸ் ரைட்டரில் படத்தின் ‘Properties’ வழியாக இதே இடத்தை அடையலாம். அந்தப் பெட்டியில் எழுதுவது தாளில் தெரியாது, என்.வி.டி.ஏ. போன்ற ஸ்க்ரீன் ரீடர் படத்தை அடையும்போது அதை வாசிக்கும். 2006-இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற நிரலாளர் தொடங்கிய இலவச மென்பொருள் அது. பெட்டி வெறுமையாக இருந்தால் ‘கிராஃபிக்’ என்பதைப் போன்ற ஒற்றைச் சொல்லோடு அடுத்த வரிக்குப் போய்விடும். சில பழைய வேர்ட் பதிப்புகள் கோப்பின் பெயரையே அங்கே போட்டுவிடும்; அப்போது தேதியும் நேரமும் கலந்த ஒரு நீண்ட எண் வரிசை காதில் விழும்.

நம் கையேட்டின் நான்காவது படிக்கு என்ன எழுதலாம்? ‘ஸ்கிரீன்ஷாட்’ என்று மட்டும் எழுதினால் கேட்பவருக்கு எதுவும் கிடைக்கவில்லை. படம் என்பதை ஸ்க்ரீன் ரீடரே சொல்லிவிட்டது. மாறாக, சன்னலின் தலைப்பிலிருந்து தொடங்கிக் கண்ணில் படும் ஒவ்வொரு பொத்தானையும் பட்டியலிட்டால், நமக்கு வேண்டிய ஒரு தகவல் அந்தக் கூட்டத்தில் புதைந்துபோகும். உரையின் பத்திகளில் வரி வரியாக, சொல் சொல்லாகப் பின்னோக்கிப் போய்க் கேட்கலாம். மாற்று உரையோ பொதுவாக ஒரே மூச்சில் ஓடிவிடும். அதற்குள் தடித்த எழுத்து, பத்தி, பட்டியல் எதுவும் கிடையாது. முற்றுப்புள்ளியும் காற்புள்ளியும்தான் மூச்சு விடும் இடங்கள்.

நான் எழுதுவது இப்படி இருக்கும்: “தமிழ் மொழிக்கான Language options பக்கம். Add a keyboard பொத்தானை அழுத்தியதும் விரிந்த பட்டியலில் Tamil 99 தேர்வாகியிருக்கிறது.” இரண்டே வாக்கியம். எந்தப் பக்கம், என்ன நடந்திருக்கிறது, எதைக் கவனிக்க வேண்டும் என்ற மூன்றும் வந்துவிட்டன. படத்தில் சிவப்பு வட்டம் போட்டு ஒரு பொத்தானைக் காட்டியிருந்தால், வட்டத்தைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. அது காட்டும் பொத்தானின் பெயரைச் சொன்னால் போதும். ‘வலப்பக்க மேல் மூலையில் உள்ள நீல நிறப் பொத்தான்’ என்பதும் உதவாது. ஸ்க்ரீன் ரீடர் பயன்படுத்துபவர் Tab விசையை அழுத்தி அழுத்திப் பெயர் கேட்டே பொத்தானைக் கண்டுபிடிக்கிறார். மூலையும் நீலமும் அவர் வழியில் வருவதில்லை. பெயர் திரையில் உள்ளபடியே, ஓர் எழுத்தும் மாறாமல் இருந்தால்தான் அவர் கேட்பதும் நாம் எழுதியதும் பொருந்தும்.

பிழைச் செய்தியின் படம் இன்னும் கறாரானது. அங்கே சன்னலின் தோற்றம் யாருக்கும் வேண்டியதில்லை. அதிலுள்ள சொற்கள்தான் செய்தி. ‘அனுமதி இல்லை என்று பிழை வருகிறது’ என்று சுருக்கி எழுதினால், 0x80070005 என்ற எண் படத்துக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். அந்த எண்ணை மாற்று உரையில் மறைத்து வைப்பதைவிட, படத்துக்குக் கீழே உரையிலேயே தட்டச்சு செய்வது மேல். பார்வையற்றவர் அதை ஒவ்வோர் எழுத்தாகக் கேட்கலாம். பார்வையுள்ளவர் நகலெடுத்துத் தேடலாம். பிறகு மாற்று உரைக்கு ‘கீழே உள்ள பிழைச் செய்தியின் சன்னல்’ என்ற அளவே போதும். அழகுக்காக வைத்த கோடு, சின்னம் போன்றவற்றுக்கு எதுவும் எழுத வேண்டாம். அதே பெட்டியில் ‘Mark as decorative’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் ஸ்க்ரீன் ரீடர் அவற்றைப் பொருட்படுத்தாது.

எங்கே கெடும்?

படத்தைச் சுற்றி உரை வளைந்தோடும்படி ‘Square’ போன்ற அமைப்பை வைத்தால், படம் வரியிலிருந்து பிரிந்து மிதக்கத் தொடங்கும். கண்ணுக்கு அது நான்காவது படிக்குப் பக்கத்தில் தெரிந்தாலும், வாசிப்பு வரிசையில் வேறு இடத்தில் இருக்கலாம். ஸ்க்ரீன் ரீடர் அதைத் தாண்டியே போய்விடலாம். ‘In Line with Text’ என்று வைத்தால் படம் ஒரு பெரிய எழுத்தைப் போல வரியிலேயே உட்காரும். சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லப்படும்.

அப்படி வரியில் வைத்த பிறகு படத்தின் அடிப்பகுதி மட்டும் ஒரு மெல்லிய பட்டையாகத் தெரிந்தால் பதற வேண்டாம். அந்தப் பத்தியின் வரி இடைவெளி ‘Exactly’ என்று ஒரு குறிப்பிட்ட பாயின்ட்டுக்குப் பூட்டப்பட்டிருக்கிறது என்று பொருள். ‘Single’ என்று மாற்றினால் முழுப்படமும் வெளியே வரும்.

வேர்டுக்குள் கிராப் செய்தால் படம் வெட்டப்படுவதில்லை. வெட்டிய பகுதி மறைக்கப்படுகிறது, அவ்வளவே. முழுத்திரையையும் ஒட்டி நடுவில் ஒரு சன்னலை மட்டும் கிராப் செய்திருந்தால், ஓரத்தில் திறந்து கிடந்த அஞ்சலும் பெயர்களும் கோப்புக்குள் அப்படியே இருக்கும். கோப்பு கிடைத்த எவரும் ‘Reset Picture & Size’ அழுத்தி அதைப் பார்க்கலாம். ஒட்டும் முன்பே தேவையானதை மட்டும் பிடிப்பதுதான் பாதுகாப்பு. தவறினால் ‘Compress Pictures’ சென்று ‘Delete cropped areas of pictures’ என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கடைசியாகப் பிடிஎஃப். அச்சுப்பொறியைத் தேர்ந்தெடுப்பதுபோல ‘Microsoft Print to PDF’ வழியாகப் போனால், தாளில் விழும் மை மட்டுமே கடத்தப்படும். மாற்று உரை அங்கேயே நின்றுவிடும். ‘Save As’ சென்று PDF வகையைத் தேர்ந்தெடுத்து, ‘Options’ பகுதியில் ‘Document structure tags for accessibility’ தேர்வாகியிருக்கிறதா என்று பார்த்துச் சேமித்தால், நாம் எழுதிய சொற்கள் பிடிஎஃப்பிலும் உடன் வரும்.

இவற்றில் சிலவற்றை வேர்டே கண்டுபிடித்துச் சொல்லும். ‘Review’ பட்டியலில் ‘Check Accessibility’ அழுத்தினால், மாற்று உரை இல்லாத படங்களையும் வரியில் இல்லாத படங்களையும் காட்டும். ஆனால் பெட்டி வெறுமையாக இருக்கிறதா என்பதுதான் அந்தச் சோதனைக்குத் தெரியும். ‘படம்’ என்று ஒரு சொல்லை எழுதி வைத்தாலும் குறை எதுவும் இல்லை என்று விட்டுவிடும். அதைச் சோதிக்க வேறு வழி இருக்கிறது. சக ஊழியர் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்து, படத்தைக் காட்டாமல் கையேட்டின் படிகளையும் மாற்று உரைகளையும் மட்டும் வாசித்துக் காட்டுங்கள். அவர் தம் கணினியில் தமிழ்99-ஐச் சேர்த்துவிட்டால் உரை சரி. அவர் ‘இப்போ எதை அழுத்தணும்?’ என்று கேட்டால், எந்தப் படத்துக்கு இன்னொரு வாக்கியம் வேண்டும் என்று அந்தக் கேள்வியே சொல்லிவிடும்.